ஏற்புக்குக் காத்திருக்கும் விலைப்பட்டியல்கள்

கோவை, ஓசூர், அம்பத்தூர் போன்ற தொழில் நகரங்களில் பெரிய நிறுவனங்களுக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்து வாழும் சிறு பட்டறைகள் ஏராளம். அவற்றை நடத்துபவர்களிடம் பேசினால், ஆர்டர் இல்லை என்று சொல்பவர்களைவிட, அனுப்பிய சரக்குக்குப் பணம் வரவில்லை என்று சொல்பவர்களே அதிகம். கணக்குப் புத்தகத்தில் லாபம் இருக்கும்; சனிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் பணம் இருக்காது. இந்த இடைவெளியை நிரப்ப வங்கிகள் வைத்திருக்கும் வழிகளில் முக்கியமானது 'பில் டிஸ்கவுண்டிங்'. வணிகவியல் பாடநூல்கள் இதை 'வட்டம் செய்தல்' என்று குறிப்பிடுகின்றன.

வட்டம் செய்வதன் அடிப்படை எளிமையானது. மூன்று மாதம் கழித்து வரவேண்டிய தொகையை வங்கி இன்றே கொடுக்கிறது. அந்த மூன்று மாதத்துக்கான வட்டியை முன்னதாகவே கழித்துக்கொள்கிறது. தவணை நாளில் பொருளை வாங்கிய நிறுவனம் முழுத் தொகையையும் வங்கிக்குச் செலுத்துகிறது. நகரத்தார் வணிகர்களின் உண்டியல் முறையில் புழங்கிய கருத்தும் ஏறத்தாழ இதுவே.

ஆனால், வங்கி எதை நம்பிப் பணம் கொடுக்கிறது என்ற கேள்வியை எழுப்பினால்தான் இதன் நுட்பம் விளங்கும். ஒரு விலைப்பட்டியல் என்பது, 'எனக்கு இவ்வளவு வரவேண்டும்' என்று விற்றவர் எழுதிய தாள். அது அவருடைய கூற்று மட்டுமே. வாங்கியவர் அதைப் பார்த்து, 'ஆம், சரக்கு வந்தது. இந்தத் தேதியில் இந்தத் தொகையைக் கொடுப்பேன்' என்று ஒப்பும்போதுதான் அது வங்கி நம்பக்கூடிய கடன் பத்திரமாகிறது. அந்த ஒப்புதலுக்குத்தான் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 'ஏற்பு' என்று பெயரிடுகிறது. சிறு தொழிலின் பணச் சிக்கல் பெரும்பாலும் இந்த ஏற்பில்தான் அடங்கியிருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதைப் பார்ப்போம். கோவையில் ஒரு கடைசல் பட்டறை, மோட்டார் பம்பு தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு ரூ.10 லட்சம் மதிப்புள்ள உதிரிபாகங்களை ஜூன் 3-ஆம் தேதி அனுப்புகிறது. 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து விலைப்பட்டியல் ரூ.11,80,000. இதில் பட்டறைக்காரரின் லாபம் ரூ.60,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் சரக்கைக் கிடங்கில் இறக்கிவைத்து, பரிசோதனை முடித்து, தன் கணினியில் ஜூன் 20-ஆம் தேதிதான் வரவு வைக்கிறது. அன்றிலிருந்து 90 நாள் கழித்துப் பணம் கொடுப்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். ஆக, பணம் வரும் நாள் செப்டம்பர் 18. சரக்கு வாசலைத் தாண்டிய நாளிலிருந்து எண்ணினால் 107 நாட்கள்.

இதற்கிடையில் பட்டறைக்காரரின் செலவுகள் காத்திருப்பதில்லை. வார்ப்படம் கொடுத்தவர், மின்வாரியம், தொழிலாளர்கள் ஆகியோருடன் அரசும் வரிசையில் நிற்கிறது. விலைப்பட்டியல் எழுதிய மாதத்துக்கான ஜிஎஸ்டியை அடுத்த மாதமே கட்ட வேண்டும். வாங்கியவர் பணம் கொடுத்தாரா என்பது அங்கே பொருட்டல்ல. தான் வாங்கிய மூலப்பொருளுக்கான உள்ளீட்டு வரி ரூ.1,10,000-ஐக் கழித்துக்கொண்டாலும், மீதி ரூ.70,000-ஐக் கைப்பணத்திலிருந்து கட்டியாக வேண்டும். இன்னும் தன் கைக்கு வராத வரியை அவர் அரசுக்கு முன்பணமாகக் கொடுக்கிறார்.

இந்த நிலையில் அவர் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இருக்கும் ரொக்கக் கடன் கணக்கு. 'சி.சி.' என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். கையிலுள்ள சரக்கையும் வரவேண்டிய பாக்கிகளையும் மாதந்தோறும் பட்டியலிட்டு வங்கியிடம் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை விளிம்புத் தொகையாகக் கழித்துவிட்டு, மீதிக்கு ஈடாகப் பணம் எடுக்க வங்கி அனுமதிக்கும். பாக்கிகளுக்கு 25 சதவீத விளிம்பு என்றால், நம் பட்டறைக்காரரின் ரூ.11,80,000-க்கு ரூ.8,85,000 வரை எடுக்கலாம். அதுவும் வங்கி அனுமதித்த மொத்த வரம்புக்குள் இருந்தால்தான். இன்னொரு நிபந்தனையும் உண்டு. 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது பல வங்கிகளின் விதி. ஜூன் 3-ஆம் தேதியிட்ட விலைப்பட்டியலுக்குச் செப்டம்பர் 1-ஆம் தேதியோடு 90 நாள் முடிகிறது. பணம் வரும் நாளோ செப்டம்பர் 18. கடைசிப் பதினேழு நாட்கள், மிகவும் தேவைப்படும் நேரத்தில், அந்தப் பாக்கி வங்கியின் கண்ணில் மதிப்பற்றதாகிவிடுகிறது.

இரண்டாவது வழி, அந்த ஒரு விலைப்பட்டியலை மட்டும் தனியாக எடுத்துச் சென்று வங்கியில் வட்டம் செய்வது. விலைப்பட்டியல், மின்வழிச் சீட்டு, லாரி ரசீது, நிறுவனம் சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று ஆகியவற்றை வங்கி கேட்கும். சரக்கே நகராமல் இருவர் ஒருவருக்கொருவர் பில் எழுதிப் பணம் எடுக்கும் பழைய மோசடியைத் தடுக்கவே இத்தனை தாள்கள். ஜூன் 20-இல் ஏற்பு கிடைத்து, ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 90 நாளுக்கு வங்கி வட்டம் செய்கிறது என்றால், கழிக்கும் தொகை ரூ.34,915. பட்டறைக்காரர் கையில் கிடைப்பது, வங்கிக் கட்டணங்கள் நீங்கலாக, ரூ.11,45,085.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். வங்கி வட்டியைக் கணக்கிட்டது ரூ.11,80,000-க்கு, ஆனால் கொடுத்ததோ அதைவிடக் குறைவான தொகை. எனவே உண்மையான வட்டி விகிதம் 12 சதவீதமாக இல்லாமல் ஏறத்தாழ 12.4 சதவீதமாகிறது. இது சிறிய வேறுபாடுதான். பெரிய செய்தி மற்றொன்று. ரூ.60,000 லாபத்தில் ரூ.34,915 வட்டியாகப் போய்விட்டது. அதாவது, பாதிக்கு மேல். 90 நாள் கடனுக்கான வட்டியை விலை கூறும்போதே சேர்த்துக் கணக்கிடாத பட்டறைக்காரர், தன் உழைப்பின் பயனில் பாதியை வாங்குபவருக்கு வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கிறார் என்பதே இதன் பொருள்.

தவணை நாளில் நிறுவனம் பணம் கட்டாவிட்டால் என்ன ஆகும்? வங்கிகளில் நடக்கும் வழக்கமான வட்டத்தில், கொடுத்த பணத்தை விற்றவரிடமே திரும்பக் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு. மாற்றுச்சீட்டு மறுக்கப்பட்டு, அதற்கான அறிவிப்பும் தரப்பட்டால், அதை எழுதியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1881-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. நிறுவனம் 20 நாள் தாமதித்தால், அந்த நாட்களுக்கான வட்டியும் சேரும். அது 14 சதவீதம் என்றால் ரூ.9,052. தாமதித்தவர் நிறுவனத்தார், பற்று எழுதப்படுவதோ பட்டறைக்காரரின் கணக்கில். பரிசோதனையில் தேறாத உருப்படிகளுக்காக நிறுவனம் ரூ.40,000-ஐப் பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டினாலும், அந்த ரூ.40,000-ஐ வங்கி இவரிடம்தான் வசூலிக்கும்.

எனவே, வட்டம் செய்த அன்றே கைக்கு வந்த பணத்தை விற்பனைத் தொகையாக எண்ணிவிடக் கூடாது. தவணை நாள் வரை அது கடனே. ஒப்பந்தத்தில் 'திரும்பக் கோரும் உரிமையுடன்' என்று இருக்கிறதா, 'உரிமையின்றி' என்று இருக்கிறதா என்பதைக் கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்க வேண்டும். வட்டி விகிதத்தில் கால் சதவீதம் குறைக்கப் பேரம் பேசுபவர்கள்கூட இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது வழி 'டிரெட்ஸ்' எனப்படும் மின்னணுத் தளம். இதற்கான வழிகாட்டு நெறிகளை இந்திய ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வெளியிட்டது. 2017-இல் தளங்கள் செயல்படத் தொடங்கின. இன்று ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் முதலிய தளங்கள் உள்ளன. இங்கே விற்பவர் தன் விலைப்பட்டியலைத் தளத்தில் பதிவேற்றுகிறார். வாங்கிய நிறுவனம் அதைத் தளத்திலேயே ஏற்கிறது. அதன் பிறகு பல வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இன்ன வட்டிக்குப் பணம் தருகிறோம் என்று ஏலம் கேட்கின்றன. தேர்ந்தெடுத்த கோரிக்கையின்படி, வழக்கமாக அடுத்த வேலை நாளில் விற்றவரின் கணக்குக்குப் பணம் வந்துவிடுகிறது. தவணை நாளில் வாங்கிய நிறுவனத்தின் கணக்கிலிருந்து தொகை தானாகப் பற்று வைக்கப்படுகிறது.

சாதாரண வட்டத்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. டிரெட்ஸில் பணம் கொடுத்தவருக்கு விற்றவரிடம் திரும்பக் கேட்கும் உரிமை இல்லை. நிறுவனம் கட்டத் தவறினால், கடன் கொடுத்தவர் நிறுவனத்தைத்தான் துரத்த வேண்டும். ஆகவே ஏலம் கேட்கும் வங்கி, பட்டறையின் சொத்தையோ அதன் மூன்றாண்டு வரவு செலவுக் கணக்கையோ பார்ப்பதைவிட, வாங்கிய பெரிய நிறுவனத்தின் நாணயத்தைப் பார்த்தே வட்டியை முடிவு செய்கிறது. தனக்கென்று அடமானம் எதுவும் இல்லாத பட்டறைக்காரர், வாங்குபவரின் மதிப்பை இரவல் பெற்றுக்கொள்கிறார். நம் கணக்கில் வட்டி 12-இலிருந்து 8 சதவீதமாக இறங்கினால், கழிக்கப்படும் தொகை ரூ.23,277. தளத்துக்கான கட்டணம் தனி என்றாலும், மிச்சம் ரூ.11,638, அதோடு திரும்பக் கேட்பார்களோ என்ற கவலையும் இல்லை. வட்டியை விற்பவர் ஏற்பதா, வாங்குபவர் ஏற்பதா என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

நடைமுறையில் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரொக்கக் கடன் கொடுத்த வங்கியிடம் பட்டறையின் பாக்கிகள் அனைத்தும் ஏற்கெனவே ஈடாக எழுதப்பட்டிருக்கும். எனவே வேறொருவரிடம் ஒரு விலைப்பட்டியலை வட்டம் செய்வதற்கு அந்த வங்கியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். வட்டம் செய்த பாக்கியை மாதாந்திரப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவும் வேண்டும். நீக்காவிட்டால், ஒரே பாக்கிக்கு இரண்டு இடங்களில் கடன் வாங்கியதாகிவிடும். தெரியாமல் நேர்ந்த பிழை என்று சொன்னாலும், தணிக்கையின்போது அது மோசடியாகவே பார்க்கப்படும்.

இவ்வளவு நல்ல ஏற்பாடு இருந்தும் பட்டறைகளின் சிக்கல் ஏன் தீரவில்லை? விடை, முதலில் சொன்ன அந்த ஏற்பில்தான் இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் ரூ.250 கோடிக்கு மேற்பட்ட நிறுவனங்களும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களும் டிரெட்ஸ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அதற்கு முன்பு இந்த வரம்பு ரூ.500 கோடியாக இருந்தது. ஆனால், அந்த அறிவிக்கை கட்டாயமாக்கியது பதிவை மட்டுமே. பட்டறைக்காரர் ஏற்றிய விலைப்பட்டியலைக் குறிப்பிட்ட நாளுக்குள் ஏற்க வேண்டும் என்றோ, மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்றோ அது கட்டளையிடவில்லை. பதிவு செய்துவிட்டு ஏற்பே தராமல் இருக்கும் நிறுவனமும் அந்த அறிவிக்கைக்குக் கீழ்ப்படிந்ததாகவே கொள்ளப்படும்.

ஏற்பைத் தள்ளிப்போடுவதில் நிறுவனத்துக்கு ஆதாயம் உண்டு. ஏற்றுவிட்டால் தவணை நாளில் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்விடும்; ஏற்காதவரை, எப்போது கொடுப்பது என்பது அதன் விருப்பம்.

வியப்பு என்னவென்றால், இதற்கான தீர்வு நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வமாக ஆட்சேபணை தெரிவிக்காவிட்டால், சரக்கு வந்து சேர்ந்த நாளே ஏற்பு நாளாகக் கருதப்படும் என்கிறது. அந்த நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் தவணை வைக்க எந்த ஒப்பந்தத்துக்கும் அதிகாரம் இல்லை. மீறினால், வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கொடுக்க வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. நம் பட்டறைக்காரரின் சரக்கு ஜூன் 3-இல் இறங்கியது. ஜூன் 18-க்குள் ஆட்சேபணை ஏதும் வரவில்லை. ஆகவே சட்டப்படி ஏற்பு நாள் ஜூன் 3. பணம் வந்திருக்க வேண்டிய கடைசி நாள் ஜூலை 18. நடைமுறையில் வருவதோ செப்டம்பர் 18. சரியாக இரண்டு மாதம் கழித்து.

அந்த இரண்டு மாத வட்டியைக் கேட்டு அவர் மாநில அரசின் வசதியாக்க மன்றத்தை அணுகலாம். கேட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்குமா என்பதுதான் அவரைத் தடுக்கும் கேள்வி. வாடிக்கையாளர் ஒருவரையே நம்பியிருக்கும் பட்டறைக்கு வழக்கு என்பது கடைசி ஆயுதம். கணக்கை முடித்துக்கொள்ளும் நாளில் மட்டுமே அது எடுக்கப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வேறொரு வழியில் அழுத்தம் தந்தது. சட்டம் குறித்த காலத்துக்குள் கொடுக்காத பாக்கியை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியும் என்றது. நல்ல விதிதான். ஆனால், ஜூலையில் கொடுக்க வேண்டியதைச் செப்டம்பரில் கொடுத்தாலும் அதே நிதியாண்டுக்குள் வந்துவிடுவதால், நம் நிறுவனத்துக்கு இதனால் ஒரு ரூபாயும் நஷ்டமில்லை. இந்த விதியின் கூர்மை, மார்ச் 31-ஐ ஒட்டித் தேங்கும் பாக்கிகளில் மட்டுமே தெரிகிறது.

செய்ய வேண்டியது, 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'கருதப்படும் ஏற்பை' டிரெட்ஸ் தளத்துக்குள் கொண்டுவருவதே. விலைப்பட்டியல் தளத்தில் ஏறி, சரக்கும் வந்து சேர்ந்து, 15 நாட்களுக்குள் எழுத்துபூர்வ ஆட்சேபணை வராவிட்டால், அது ஏற்கப்பட்டதாகக் கொண்டு ஏலத்துக்கு அனுப்பப்பட வேண்டும். சரக்கு வந்ததா என்று அறிய இன்று தனி ஏற்பாடு தேவையில்லை. சரக்கைப் பெற்ற பிறகே உள்ளீட்டு வரிச் சலுகை கோரலாம் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் நிபந்தனை. ஒரு விலைப்பட்டியலுக்கான வரியைத் திரும்ப எடுத்துக்கொண்ட நிறுவனம், சரக்கு வந்துவிட்டது என்று அரசிடம் ஒப்புக்கொண்டுவிட்டது. அதே விலைப்பட்டியலைப் பற்றிப் பட்டறைக்காரரிடம் மட்டும் 'இன்னும் பார்க்கவில்லை' என்று சொல்வது பொருந்தாது. வரித் தளத்தையும் டிரெட்ஸ் தளத்தையும் இணைத்துவிட்டால், இந்த முரண்பாடு தானே வெளிப்பட்டுவிடும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்றுண்டு. சில குறைகள் பதினைந்து நாளில் தெரிவதில்லை; பம்பில் பொருத்தி ஓட்டிப் பார்த்த பிறகே தெரியும். மௌனத்தையே சம்மதமாக்கினால், குறையுள்ள சரக்குக்கும் நிறுவனம் பணம் கட்ட நேரிடும். ஆனால், டிரெட்ஸில் இன்றும் ஏற்றுவிட்ட தொகையைத் தரத்தைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது. அந்த வழக்கை இருவரும் தளத்துக்கு வெளியேதான் தீர்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் தெரியும் குறைக்கு அடுத்த விலைப்பட்டியலில் கழித்துக்கொள்வது தொழிலில் உள்ள வழக்கமே. வேண்டுமானால், கருதப்படும் ஏற்பை முழுத் தொகைக்கும் பொருத்தாமல், பத்தில் ஒன்பது பங்குக்கு என்று தொடங்கலாம்.

சட்டம் மாறும்வரை பட்டறைக்காரர்கள் செய்யக்கூடியதும் உண்டு. உத்யம் பதிவு எண்ணை விலைப்பட்டியலில் அச்சிட வேண்டும். சிறு நிறுவனம் என்று தெரியாது என்ற சாக்கு அதோடு போகும். சரக்கு இறங்கிய நாளுக்கான முத்திரையிட்ட சான்றை அன்றே வாங்கி வைக்க வேண்டும். 15 நாளும் 45 நாளும் அதிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. மூலத்தில் பிடிக்கும் வரியும் தேறாத உருப்படிகளும் நீங்கிய நிகரத் தொகைக்கே ஏற்புக் கேட்க வேண்டும். ஆர்டருக்கு விலை பேசும்போதே, டிரெட்ஸில் ஏற்பு எத்தனை நாளில், வட்டி யாருடையது என்ற இரண்டையும் எழுத்தில் பெற வேண்டும். ஆர்டர் கைக்கு வந்த பிறகு கேட்பதைவிட, அதற்கு முன் கேட்பதற்கே பலன் அதிகம்.

வட்டம் செய்வது தாமதத்தை ஒழிப்பதில்லை. அதற்கு ஒரு விலை வைத்து, அந்த விலையை யாரோ ஒருவர் தலையில் ஏற்றுகிறது. நம் கணக்கில் அந்த விலை ரூ.34,915. தாமதிப்பவர் அதைச் சுமக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம். சரக்கைச் செய்து கொடுத்தவரே இன்றும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார்.